160 ஹெர்ட்ஸ் குரல் ஏன் 320 ஆகிறது, ஏன் 80 ஆகிறது: ஆட்டோகோரிலேஷனும் ஸ்தாயிப் பிழையும்

தொலைபேசி வழியாகப் பதிவான ஒரு குரல். சொல் "கூப்பிடு". அதில் உள்ள "ஊ" ஒலியிலிருந்து 20 மில்லிசெகண்ட் நீளமுள்ள ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதன் பிட்ச் என்ன என்று கேட்கிறோம். காதுக்கு அது சாதாரண ஆண் குரல்தான், 160 ஹெர்ட்ஸ் பக்கம். ஆனால் நிரல் 320 என்கிறது. அடுத்தடுத்த துண்டுகளிலும் அதே 320. சரி, ஏதோ பிழை என்று ஒரு திருத்தம் செய்கிறோம். இப்போது "ஊ" சரியாகிவிடுகிறது, ஆனால் வேறொரு சொல்லில் 80 வந்து நிற்கிறது.

இரண்டு பிழைக்கும் பெயர் ஒன்றே. ஸ்தாயி தவறிப் போவது. மேல் ஸ்தாயிக்குத் தாவினாலும் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினாலும் "ஸ்தாயிப் பிழை" என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் இரண்டுக்கும் காரணம் ஒன்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அப்படி இல்லை. இரண்டும் வெவ்வேறு வழியில் உண்டாகின்றன, அதோடு ஒன்றைத் தடுக்கச் செய்யும் வேலை பெரும்பாலும் மற்றதை நோக்கித் தள்ளும். இந்த ஒரே "ஊ" துண்டை வைத்துக்கொண்டே அதைப் பார்த்துவிடலாம்.

முதலில் ஆட்டோகோரிலேஷன் என்ன செய்கிறது என்பது. அலையை ஒரு கண்ணாடித் தாளில் வரைந்து, அதே படத்தை இன்னொரு தாளிலும் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மேல் தாளை மெல்ல வலப்பக்கம் நகர்த்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்தாதபோது இரண்டும் அப்படியே பொருந்தும். கொஞ்சம் நகர்த்தினால் பொருத்தம் கெடும். சரியாக ஒரு அலைவுக்காலம் நகர்த்தியதும் மறுபடி பொருந்தும். எத்தனை சாம்பிள் நகர்த்தினோம் என்பதை இங்கே தள்ளல் என்று சொல்கிறேன். ஒவ்வொரு தள்ளலுக்கும், மேலே கீழே உள்ள மதிப்புகளைப் பெருக்கிக் கூட்டினால் பொருத்தத்துக்கு ஒரு எண் கிடைக்கும். பூஜ்யத் தள்ளலின் எண்ணால் எல்லாவற்றையும் வகுத்துவிட்டால் அந்த எண் 1-க்கு மேல் போகாது. பிறகு உயரமான முகடு எந்தத் தள்ளலில் இருக்கிறது என்று பார்த்து, சாம்பிள் விகிதத்தை அதனால் வகுத்தால் பிட்ச்.

தொலைபேசிக் குரலுக்கு விநாடிக்கு 8000 சாம்பிள். 160 ஹெர்ட்ஸ் என்றால் அலைவுக்காலம் சரியாக 50 சாம்பிள். 20 மில்லிசெகண்ட் என்றால் 160 சாம்பிள். 60 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை தேடுவது என்றால் தள்ளல் 20-இலிருந்து 133 வரை.

```python
x = x - x.mean()
n = len(x)
r = np.correlate(x, x, "full")[n-1:]
r = r / r[0]
k = 20 + np.argmax(r[20:134])
f0 = 8000 / k
```

இவ்வளவுதான் முழு முறையும். இதில் `argmax` என்ற ஒரு சொல்லுக்குள்தான் எல்லாச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தள்ளல் 50-இல் ஒரு முகடு இருக்கும், சரி. ஆனால் 25-இலும் ஒன்று இருக்கலாம், 100-இல் கட்டாயம் ஒன்று இருக்கும். 25-ஐ எடுத்தால் 320, 100-ஐ எடுத்தால் 80. மூன்றும் நம் தேடும் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

100-இல் முகடு வருவது எல்லாருக்கும் உடனே விளங்கும்: 50 சாம்பிளுக்கு ஒரு முறை திரும்பும் அலை 100 சாம்பிளுக்கும் ஒரு முறை திரும்பத்தானே செய்யும். 25-இல் ஏன் வருகிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். பாதி அலைவுக்காலம் நகர்த்தினால் பொருந்தக் கூடாதே?

ஹார்மோனிக் கணக்கில் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். குரல் அலை என்பது 160, 320, 480, 640 என்று போகும் பல அலைகளின் கூட்டு. ஆட்டோகோரிலேஷன் ஒவ்வொன்றின் கட்டத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, அதன் ஆற்றலை மட்டும் எடுத்துக்கொண்டு கோசைன்களாகக் கூட்டுகிறது:

```
r(τ) = Σ P_k · cos(2π k τ / T)
```

இதில் `P_k` என்பது k-ஆவது ஹார்மோனிக்கின் ஆற்றல் பங்கு. முழு அலைவுக்காலத் தள்ளலில் எல்லா கோசைனும் 1, ஆகவே கூட்டுத்தொகை 1. பாதித் தள்ளலில் என்ன ஆகிறது? இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் எல்லாம் +1 ஆகவே இருக்கும், ஒற்றைப்படை எல்லாம் -1 ஆகும். ஆக, பாதித் தள்ளலில் கிடைக்கும் எண் என்பது இரட்டைப்படை ஆற்றலிலிருந்து ஒற்றைப்படை ஆற்றலைக் கழித்தது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மேல் ஸ்தாயிப் பிழை முழுதும் கையில் வந்துவிடும்.

இப்போது நம் "ஊ". இந்த உயிரெழுத்தின் முதல் ஃபார்மன்ட், அதாவது வாய்க்குழாயின் முதல் ஒத்ததிர்வு, ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 160 ஹெர்ட்ஸ் குரலின் இரண்டாம் ஹார்மோனிக் 320. ஒத்ததிர்வின் உச்சியிலேயே அது உட்கார்ந்துகொள்கிறது, அதனால் மிகப் பெரிதாகிறது. போதாக்குறைக்கு, பழைய தொலைபேசி அலைவரிசை 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான். 160-இல் உள்ள முதல் ஹார்மோனிக்கை அது அமுக்கிவிடுகிறது. மேலே உள்ள ஹார்மோனிக்குகளும் "ஊ"வில் பலவீனம். கணக்குக்காக ஆற்றல் பங்குகளை இப்படி வைத்துக்கொள்வோம்: முதலாவது 3 சதவீதம், இரண்டாவது 90, மூன்றாவது 4, நான்காவது 3. இரட்டைப்படை 93, ஒற்றைப்படை 7. கழித்தால் 86. பாதித் தள்ளலில் 0.86 உயரமுள்ள ஒரு முகடு.

அலையைத் திரையில் பார்த்தாலும் இதே கதைதான். 320 ஹெர்ட்ஸ் சைன் அலை போலவே தெரியும். உற்றுப் பார்த்தால்தான் ஒரு திமில் கொஞ்சம் உயரம், அடுத்தது கொஞ்சம் குட்டை, மறுபடி உயரம் என்று ஒன்று விட்டு ஒன்று மாறுவது கண்ணில் படும். 160 என்ற செய்தி முழுதும் அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் இருக்கிறது. காது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், 320, 480, 640 என்று ஹார்மோனிக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளி 160 என்பதிலிருந்து. அடிப்படை அதிர்வெண்ணே அலையில் இல்லாவிட்டாலும் காதுக்கு அந்தப் பிட்ச் கேட்கும்.

சரி, 0.86 என்பது 1-ஐ விடக் குறைவுதானே, `argmax` 50-ஐத்தானே எடுக்க வேண்டும்? எடுக்க வேண்டும். எடுக்காததற்குக் காரணம், நம்மிடம் இருப்பது முடிவில்லாத அலை இல்லை, 160 சாம்பிள் மட்டுமே. மேல் தாளை நகர்த்த நகர்த்த இரண்டு தாளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி குறுகிக்கொண்டே போகிறது. 25 நகர்த்தினால் 135 சாம்பிள் படியும், 50 நகர்த்தினால் 110 மட்டுமே. நிரல் வெறுமனே கூட்டுகிறது, சராசரி எடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு முகடும் 1 - k/160 என்ற அளவில் தேய்கிறது. 25-இல் தேய்மானம் 0.84, 50-இல் 0.69. இப்போது பெருக்கிப் பாருங்கள். பாதித் தள்ளல் முகடு 0.86 × 0.84, அதாவது 0.73. சரியான முகடு 1 × 0.69, அதாவது 0.69. தவறான முகடு ஜெயித்துவிட்டது. 320 ஹெர்ட்ஸ் வந்தது இப்படித்தான். துண்டுக்குள் முழு எண்ணிக்கையில் சுற்றுகள் அடங்காததால் உண்மையான எண்கள் இதிலிருந்து கொஞ்சம் விலகும், ஆனால் நிலைமை மாறாது.

இதில் நிறையப் பேர் கவனிக்காமல் விடும் ஒன்று விண்டோ, அதாவது துண்டை வெட்டும்போது அதன் மேல் பெருக்கும் எடை வளைவு. ஸ்பெக்ட்ரத்துக்கு ஹான் விண்டோ போட்டுப் பழகிய கை, இங்கேயும் அதைப் போட்டுவிடும். ஹான் விண்டோ இரு ஓரங்களையும் பூஜ்யத்துக்கு இறக்குவதால் தேய்மானம் இன்னும் செங்குத்தாகிறது. அதே 160 சாம்பிளுக்கு ஹான் போட்டால் 25-இல் 0.85, ஏறக்குறைய முன்போலவே. ஆனால் 50-இல் 0.52 ஆகச் சரிகிறது. 0.73-க்கு எதிராக 0.52. முன்பு நூலிழையில் தோற்றது இப்போது படுதோல்வி.

துண்டை நீட்டினால் என்ன? 40 மில்லிசெகண்ட், 320 சாம்பிள். விண்டோ இல்லாமல் 25-இல் தேய்மானம் 0.92, 50-இல் 0.84. பாதி முகடு 0.79, சரியான முகடு 0.84. பிழை போய்விட்டது. ஹான் போட்டாலும் 0.83-க்கு எதிராக 0.85, தப்பித்தோம் பிழைத்தோம் என்று 160 வருகிறது. அதனால்தான் தாழ்ந்த பிட்சுக்கு நீளமான துண்டு வேண்டும் என்கிறார்கள். பேச்சொலியை ஆராயும் மென்பொருளான Praat தன் விண்டோ நீளத்தை நாம் கொடுக்கும் கீழ் எல்லைப் பிட்சின் மூன்று அலைவுக்காலமாக வைக்கிறது: எல்லை 75 ஹெர்ட்ஸ் என்றால் 40 மில்லிசெகண்ட். ஆனால் நீட்டிக்கொண்டே போகவும் முடியாது. பேச்சில் பிட்ச் ஒரு இடத்தில் நிற்பதில்லை. துண்டின் தொடக்கத்தில் ஒரு அலைவுக்காலம், முடிவில் வேறு என்றால் எந்தத் தள்ளலிலும் முழுப் பொருத்தம் கிடைக்காது, சரியான முகடே மழுங்கும். உயர் ஹார்மோனிக்குகள்தான் முதலில் கழன்றுபோகும்.

அதைவிடச் சுத்தமான வழி, தேய்மானத்தையே நீக்கிவிடுவது. விண்டோ இல்லையென்றால் ஒவ்வொரு தள்ளலிலும் உண்மையில் படியும் சாம்பிள் எண்ணிக்கையால் வகுக்கலாம். விண்டோ இருந்தால், அந்த விண்டோவின் சொந்த ஆட்டோகோரிலேஷனால் வகுக்கலாம். பால் போர்ஸ்மா 1993-இல் முன்வைத்த முறையின் மையமே இந்த வகுத்தல்தான், Praat-இன் ஆட்டோகோரிலேஷன் முறையும் அதுவே. வகுத்தவுடன் பாதி முகடு 0.86-க்கு வந்துவிடும், சரியான முகடு 1-க்கு. 20 மில்லிசெகண்டிலேயே விடை 160.

இங்கேதான் கதை திரும்புகிறது. தேய்மானத்தை நீக்கியதால் தள்ளல் 100-இல் உள்ள முகடும் 1 ஆகிவிட்டது. 150-இல் உள்ளதும் 1 ஆகியிருக்கும், அது தேடும் எல்லைக்கு வெளியே. இதுவரை நமக்குக் கெடுதல் செய்த தேய்மானம், உண்மையில் இன்னொரு பக்கம் காவல் காத்துக்கொண்டிருந்தது: 100-இல் அதன் மதிப்பு 0.375, அந்த முகடு தலைதூக்கவே முடியாமல் இருந்தது. காவலை எடுத்துவிட்டோம். இப்போது 50-க்கும் 100-க்கும் சமநிலை, எது ஜெயிக்கும் என்பதை மிகச் சின்ன விஷயங்கள் முடிவு செய்யும்.

முதல் சின்ன விஷயம், இரைச்சல். 100 தள்ளலில் 60 சாம்பிள்தான் படிகிறது. இவ்வளவு குறைவான சாம்பிளில் எடுத்த சராசரி ஆட்டம் போடும். சில துண்டுகளில் அது கீழே ஆடும், கவலையில்லை. சில துண்டுகளில் மேலே ஆடும், அங்கே 80 வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இரைச்சலே இல்லாவிட்டாலும் நடக்கும். குரல் 160-இலிருந்து கொஞ்சம் இறங்கி 158.4 ஹெர்ட்ஸ் ஆனது என்று வையுங்கள். 8000-ஐ அதனால் வகுத்தால் அலைவுக்காலம் 50.5 சாம்பிள். தள்ளலோ முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 50-இல் அரை சாம்பிள் குறைவு, 51-இல் அரை சாம்பிள் அதிகம். நம் "ஊ"வில் இரண்டாம் ஹார்மோனிக்தான் பெரும்பங்கு என்பதால் அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், இரண்டு இடத்திலும் உயரம் 0.9923. ஆனால் இரு மடங்கு, 101, முழு எண்! அங்கே உயரம் சரியாக 1. `argmax` கண்ணை மூடிக்கொண்டு 101-ஐ எடுக்கும், விடை 79.2 ஹெர்ட்ஸ். அலையில் எந்தக் குறையும் இல்லை, பேசியவர் மேலும் தவறில்லை, அலைவுக்காலம் இரண்டு சாம்பிளுக்கு நடுவே விழுந்தது ஒன்றே காரணம். உயர் ஹார்மோனிக்குகள் வலுவாக உள்ள "ஆ" போன்ற ஒலியில் இது இன்னும் மோசம். பத்தாவது ஹார்மோனிக்குக்கு அதே அரை சாம்பிள் விலகல் கோசைனை 0.81-க்கு இறக்கிவிடும்.

இதற்கு மருந்து எளிது. முகட்டின் உயரத்தை ஒப்பிடும் முன்பே, அதைச் சுற்றியுள்ள மூன்று புள்ளிகள் வழியாக ஒரு பரவளையம் வரைந்து உண்மையான உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே 49, 50, 51-இல் உயரங்கள் 0.9311, 0.9923, 0.9923. பரவளையத்தின் உச்சி 50.5-இல், உயரம் 0.9999. போன உயரம் திரும்பி வந்துவிட்டது. வழக்கமாகச் செய்யும் தவறு என்னவென்றால், முதலில் `argmax` எடுத்துவிட்டு, அப்புறம் ஜெயித்த முகட்டுக்கு மட்டும் பரவளையம் போடுவது. பிட்சின் துல்லியம் கூடுமே தவிர, ஸ்தாயி ஏற்கெனவே தவறிப்போயிருக்கும். எல்லா முகடுகளுக்கும் போட்ட பிறகுதான் ஒப்பீடு.

இவ்வளவு செய்தும் 0.9999-உம் 1.0000-உம் சமம் போலத்தான். ஆகவே சமநிலையில் குறுகிய தள்ளலுக்கு ஒரு சலுகை கொடுத்தே ஆக வேண்டும். Praat-இல் அதற்கு `Octave cost` என்று ஒரு அமைப்பு உண்டு, போர்ஸ்மா முறையில் அதன் இயல்பு மதிப்பு 0.01. தள்ளல் இரு மடங்கு ஆகும் ஒவ்வொரு முறையும் முகட்டின் மதிப்பெண்ணில் 0.01 கழியும். 2002-இல் டி ஷெவென்யேவும் கவஹாராவும் வெளியிட்ட YIN முறை இதையே வேறு விதமாகச் செய்கிறது: பொருத்தத்துக்குப் பதில் வித்தியாசத்தை அளந்து, ஒரு வரம்புக்குக் கீழே, வழக்கமாக 0.1, இறங்கும் முதல் பள்ளத்திலேயே நின்றுவிடும். நம் 0.86 முகடு அந்த அளவுகோலில் தோராயமாக 0.14 ஆகும், வரம்புக்குக் கீழே இறங்கவில்லை, YIN அதைக் கடந்து 50-க்குப் போய்விடும்.

ஆனால் இரட்டைப்படைப் பங்கு 93-க்குப் பதில் 96 ஆக இருந்திருந்தால்? பாதி முகடு 0.92, வித்தியாசம் 0.08. YIN அங்கேயே நின்று 320 என்று சொல்லும். வரம்பை 0.05 ஆக இறக்கினால் இது சரியாகும், ஆனால் கொஞ்சம் இரைச்சல் உள்ள குரலில் 50-இல் உள்ள நல்ல பள்ளமே வரம்பைத் தொடாமல் போகும். கீழ் ஸ்தாயியைத் தடுக்கக் குறுகிய தள்ளலுக்குக் கொடுக்கும் சலுகை ஒவ்வொன்றும், அதே அளவுக்கு மேல் ஸ்தாயிக்கும் கொடுத்த சலுகைதான். "எந்த மதிப்பு சரி" என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒரு எண்ணைச் சொல்ல முடிவதில்லை. ஒலிப்பதிவு எப்படி, எந்தப் பக்கப் பிழை உங்களுக்கு அதிகம் வருகிறது என்று பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

இந்த இழுபறியிலிருந்து உண்மையாக விடுவிக்கும் ஒன்று உண்டு என்றால் அது ஸ்பெக்ட்ரத்தைத் தட்டையாக்குவதுதான். ஃபார்மன்ட் ஒரு ஹார்மோனிக்கைத் தூக்கிவிட்டதால்தானே பாதி முகடு வளர்ந்தது? அந்த ஒத்ததிர்வைக் கழித்துவிட்டால் எல்லா ஹார்மோனிக்கும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வரும். தொலைபேசி அலைவரிசைக்குள் 320 முதல் 3360 வரை, அதாவது இரண்டாவது முதல் இருபத்தொன்றாவது ஹார்மோனிக் வரை இருக்கின்றன. பத்து இரட்டைப்படை, பத்து ஒற்றைப்படை. கழித்தால் பூஜ்யம். பாதி முகடே காணாமல் போகிறது, முழுத் தள்ளல் முகடு அப்படியே நிற்கிறது. 1968-இல் சோந்தி சொன்ன நடுவெட்டு, அதாவது அலையின் நடுப்பகுதியைப் பூஜ்யமாக்கி உச்சிகளை மட்டும் விடுவது, 1972-இல் மார்கெல் செய்த தலைகீழ் வடிகட்டல், இரண்டும் இதே வழியில் போனவை. இலவசமாகக் கிடைப்பதில்லை. தட்டையாக்கும்போது பலவீனமான ஹார்மோனிக்குகளோடு அங்கே இருக்கும் இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படும். "ஊ"வில் மேலே உள்ளவை மிகவும் பலவீனம் என்பதால், இரைச்சலான பதிவில் தட்டையாக்கிய பிறகு 1-க்குப் பதில் 0.6 போல ஒரு முகடு கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒப்பீட்டில் அது ஜெயிக்கும், ஆனால் ஒலிப்புடை ஒலியா இல்லையா என்று அதே உயரத்தை வைத்து முடிவு செய்யும் நிரலாக இருந்தால் அங்கே அடி வாங்கும்.

கீழ் ஸ்தாயிப் பிழையில் இன்னொரு வகை இருக்கிறது, அதைப் பிழை என்று சொல்லலாமா என்பதே கேள்வி. வாக்கியத்தின் கடைசியில் குரல் தளர்ந்து கரகரக்கும்போது, குரல்வளை மடிப்புகள் சில நேரம் ஒரு துடிப்பு வலுவாக, அடுத்தது மெலிவாக என்று மாற்றி மாற்றி அடிக்கும். துடிப்புகளின் உயரம் 1, a, 1, a என்று போனால், ஒரு துடிப்புத் தள்ளலில் பொருத்தம் 2a/(1+a²). a = 0.8 என்றால் 0.976. இரு துடிப்புத் தள்ளலில் 1. வலுத்தது வலுத்ததன் மேல் விழுகிறது, மெலிந்தது மெலிந்ததன் மேல். உண்மையிலேயே அந்த அலையின் அலைவுக்காலம் இரு மடங்குதான். 0.01 சலுகை இதைக் காப்பாற்றாது. அந்தச் சலுகை தாங்கும் எல்லையைக் கணக்கிட்டால், மெலிந்த துடிப்பு வலுத்ததில் 87 சதவீதத்துக்குக் கீழே போனவுடன் விடை கீழ் ஸ்தாயிக்கு இறங்கிவிடும். ஆட்டோகோரிலேஷன் இங்கே பொய் சொல்லவில்லை. துடிப்புகளை எண்ண வேண்டுமா, திரும்பும் வடிவத்தை எண்ண வேண்டுமா என்பதை அளப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாக்கியத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தை ஆராய்பவராக இருந்தால் இந்த இடங்களைத் தனியாகக் குறித்து ஒதுக்கிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வலுக்கட்டாயமாக மேல் ஸ்தாயிக்கு ஏற்றினால் குரல் கரகரத்தது என்ற தகவலே அழிந்துவிடும்.

ஒற்றைத் துண்டுக்குள் இதற்கு மேல் செய்ய அதிகம் இல்லை. பேசுபவர் யார் என்று தெரிந்தால் தேடும் எல்லையைச் சுருக்கலாம்: 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை மட்டும் தேடினால் தள்ளல் 32 முதல் 80 வரை, 25-உம் 100-உம் தானாகவே வெளியே போய்விடும். எல்லை ஒரு ஸ்தாயிக்குள் அடங்கினால் ஸ்தாயிப் பிழைக்கு இடமே இல்லை. ஆனால் உற்சாகமாகப் பேசும் ஒருவரின் பிட்ச் ஒரு ஸ்தாயியைத் தாண்டுவது சாதாரணம். 100-க்கும் 250-க்கும் இடையிலேயே 110-உம் 220-உம் இரண்டும் இருக்கின்றன.

அப்புறம் மிஞ்சுவது பக்கத்துத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே விடை என்று முடிவு கட்டாமல் பல முகடுகளையும் வைத்துக்கொண்டு, தாவினால் அபராதம் என்று வைத்து மொத்தமாக நல்ல பாதையைத் தேடுவது. Praat-இல் `Octave-jump cost` இயல்பாக 0.35, ஒரு ஸ்தாயி தாவினால் அவ்வளவு கழியும். நம் முதல் கணக்கில், தேய்மானத்தோடு, தவறான முகடு சரியானதைவிட 0.038 தான் உயரம். நடுவில் ஒரு துண்டு தவறினால், மேலே தாவிக் கீழே வர 0.70 கட்ட வேண்டும், 0.038-க்காக அதைச் செய்யாது. பாதை 160-இலேயே நிற்கும். ஆனால் "ஊ" நீண்டால்? 10 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டு என்றால் 19 துண்டுகளில் சேரும் லாபம் 0.70-ஐத் தாண்டிவிடும். 200 மில்லிசெகண்ட் இழுத்துச் சொன்ன ஒரு நெடில் போதும், பாதை 320-க்கு ஏறி, முடிந்ததும் இறங்கும்.

"கூப்பிடு"வில் நிலைமை அதைவிட மோசம். "க்" ஒலிப்பில்லாதது, "ப்ப்" ஒலிப்பில்லாதது. நடுவில் "ஊ" தனித் தீவு. அங்கே தாவலே தேவையில்லை. முழுத் தீவும் அமைதியாக 320-இல் இருக்கும், கோடு வழவழப்பாக இருக்கும், மூன்று அல்லது ஐந்து துண்டு மீடியன் வடிகட்டிக்கும் அது ஒன்றும் தெரியாது. திடீரென்று 12 அரைச்சுரம் தாவும் இடங்களை மட்டும் தேடிப் பிழை பார்ப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஒலித் தீவு முழுதும் அண்டை அசைகளிலிருந்து ஏறக்குறைய ஒரு ஸ்தாயி தள்ளி மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் அதே இடத்தின் ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பாருங்கள், ஆனால் 20 மில்லிசெகண்ட் துண்டில் அல்ல. அவ்வளவு குட்டித் துண்டில் 160 ஹெர்ட்ஸ் இடைவெளிக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். 80 இடைவெளியையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் ஹான் விண்டோவில் 50 மில்லிசெகண்டாவது வேண்டும். நிரல் 320 என்றால் 480-இல் கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், 320-இன் மடங்குகளில் 480 வராது, ஆகவே 320 தவறு. நிரல் 80 என்றால் 240-இலும் 400-இலும் பாருங்கள். இரண்டும் வெறுமையாக இருந்தால் அது 160. அங்கே மங்கலாகக் கோடுகள் முளைத்திருந்தால், துடிப்புகள் வலுத்தும் மெலிந்தும் மாறுகின்றன என்று பொருள்.